ஒன்பது பேர் வகுப்பின் கணக்கு

கிள்ளானில் இருந்து ஒரு வாசகி புலனத்தில் நீளமாக எழுதியிருந்தார். தொழிற்சாலையில் வேலை, இரண்டு பிள்ளைகள், வார இறுதிகளில் படித்து 200 மணி நேர யோகா ஆசிரியர் பயிற்சியை முடித்திருக்கிறார். "எங்கள் தாமான் மண்டபத்தில் வகுப்பு தொடங்கலாம் என்று பார்க்கிறேன். மாதம் எவ்வளவு கையில் நிற்கும், அக்கா? உண்மையைச் சொல்லுங்கள்" என்று கேட்டிருந்தார்.

தங்கையே, உண்மையான பதில் இதுதான். என் வகுப்பில் ஒன்பது பேர். செவ்வாய் இரவும் சனிக்கிழமை காலையும் நடக்கிறது. வாடகை போக ஐந்து வாரத்திற்கு 420 வெள்ளி நிற்கிறது. பாய் விரிப்பது, கூட்டுவது, சாவி வாங்கிக் கொடுப்பது எல்லாம் சேர்த்து ஒரு வகுப்பு இரண்டரை மணி நேரத்தை எடுத்துக்கொள்கிறது. ஐந்து வாரத்தில் பத்து வகுப்பு, 25 மணி நேரம். வகுத்துப் பார்த்தால் மணிக்கு 17 வெள்ளிக்குச் சற்றுக் குறைவு. பெட்ரோலை இன்னும் கழிக்கவில்லை. வேலையை விட்டுவிட்டு இதை நம்பலாமா என்று கேட்டால், ஒரு மண்டபத்தை வைத்துக்கொண்டு முடியாது. வேலையோடு சேர்த்து நடத்தலாமா என்றால், நடத்தலாம். ஆனால் அந்த 420 எப்படி வருகிறது என்று தெரிந்துகொண்டு இறங்குங்கள். அது ஒன்பது பேர் என்ற எண்ணிக்கையிலும், காசு வாங்கும் முறையிலும்தான் இருக்கிறது.

முதலில் வாடகை. எங்கள் தாமானின் சின்ன மண்டபத்தைக் குடியிருப்பாளர் சங்கம் பார்த்துக்கொள்கிறது. ஒரு வகுப்புக்கு 30 வெள்ளி, விளக்கும் விசிறியும் சேர்த்து. பூங்காவில் நடத்தினால் இந்த 30 மிச்சம்தானே என்று பலர் கேட்பார்கள். பூங்கா நகராண்மைக் கழகத்தின் இடம். நாம் காசு வாங்கி நடத்துவதால் முதலில் அவர்களிடம் கேட்டுவிட வேண்டும். அதைக்கூடச் செய்துவிடலாம். வானத்தை என்ன செய்வது? ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர், நவம்பரிலும் நம் பக்கத்தில் மாலை ஆனால் இடியும் மின்னலும்தான். காலை ஏழு மணிக்குச் சூரியன் சரியாக எழும்பியிருக்காது. புல் தரை பார்வைக்குத்தான் சமம். ஒற்றைக் காலில் நிற்கச் சொன்னால் பள்ளம் எங்கே என்று கால் சொல்லும். அறுபது வயதுக்காரர்களுக்கு எனக்குத் தெரிந்தவரை மண்டபம்தான்.

இனிக் காசு வாங்கும் முறை. பெரும்பாலோர் இங்கேதான் தடுமாறுகிறார்கள். புதிதாகத் தொடங்குபவர்கள் "வந்தால் காசு, வராவிட்டால் இல்லை" என்றுதான் ஆரம்பிப்பார்கள். கேட்க நியாயமாக இருக்கும், மாணவிகளுக்கும் பிடிக்கும். பக்கத்துத் தாமானில் எனக்குத் தெரிந்த ஒருவர் உடற்பயிற்சி வகுப்பு ஒன்றை அப்படித்தான் நடத்தினார். ஒரு வகுப்புக்கு 12 வெள்ளி. அவருக்கும் மண்டபம் 30 வெள்ளி, மாதம் எட்டு வகுப்பு. ஆக வாடகை 240.

முதல் மாதம் சராசரியாக ஏழு பேர் வந்தார்கள். ஏழு பேருக்கு 84, எட்டு வகுப்புக்கு 672. வாடகை போக 432. அவர் முகத்தில் அவ்வளவு சந்தோஷம். இரண்டாம் மாதம் சராசரி ஐந்து பேர். 480 வந்தது, 240 நின்றது. மூன்றாம் மாதம் மழையும் பள்ளி விடுமுறையும் சேர்ந்துகொண்டன. மூன்று பேர். 288 வந்தது, வாடகைக்கு 240 போக, நின்றது 48. ஒரு வகுப்புக்கு ஆறு வெள்ளி. நாசி லெமாக்கும் தே தாரேயும் குடித்தால் தீர்ந்துவிடும். நான்காம் மாதம் வகுப்பு இல்லை.

அவர் மோசமாகச் சொல்லிக் கொடுத்தார் என்று யாரும் சொல்லவில்லை. வந்தால் காசு என்ற முறையில், மழை பெய்யும் மாலையில் வீட்டில் இருந்தால் மாணவிக்கு 12 வெள்ளி மிச்சமாகிறது. வராமல் இருப்பதற்கு நாமே பரிசு கொடுக்கிறோம். முன்பணம் கட்டியவருக்கோ வராவிட்டால் நஷ்டம், அதனால் குடையைப் பிடித்துக்கொண்டு வருவார். இரண்டு பேரும் ஒரே மாதிரி மனிதர்கள்தான்.

இதற்கு நேர் எதிரானது மாதக் கட்டணம். வந்தாலும் வராவிட்டாலும் மாதம் 80 வெள்ளி. ஆசிரியருக்கு இதுதான் வசதி. மூன்று பேர் கட்டினாலே 240, வாடகை முடிந்தது. ஆனால் என் வகுப்பில் தாதியாக வேலை செய்யும் தங்கை ஒருத்தி இருக்கிறாள். அவளுக்கு ஷிப்ட் மாறிக்கொண்டே இருக்கும், மாதத்தில் ஐந்து வகுப்புக்குத்தான் வர முடியும். இன்னொரு அக்காள் பேரப்பிள்ளையைப் பார்க்க அடிக்கடி ஜொகூருக்குப் போவார். இவர்களிடம் முழு மாதக் காசையும் வாங்கினால் இரண்டு மாதம் பேசாமல் கட்டுவார்கள். மூன்றாம் மாதம் கோபமும் இருக்காது, சண்டையும் இருக்காது, ஆளே இருக்க மாட்டார்கள்.

அதனால் நான் வைத்திருப்பது அட்டை முறை. கெட்டி அட்டையில் எட்டுக் கட்டம், எட்டு வகுப்பு, 80 வெள்ளி. வரும் ஒவ்வொரு முறையும் ஒரு கட்டத்தில் கையெழுத்துப் போடுவேன். முதல் கையெழுத்திலிருந்து ஐந்து வாரத்திற்குள் எட்டையும் முடித்துவிட வேண்டும். ஐந்து வாரத்தில் பத்து வகுப்பு நடக்கும் என்பதால், இரண்டு வகுப்புக்கு வராவிட்டாலும் யாருக்கும் நஷ்டம் இல்லை. அதற்கு மேல் தவறினால் கட்டம் போய்விடும்.

ஏன் ஐந்து வாரம், ஆறு வாரம் கொடுத்தால் என்ன என்று கேட்டார்கள். நானும் போட்டுப் பார்த்தேன். ஆறு வாரம் என்றால் பன்னிரண்டு வகுப்பு, வாடகை 360. அட்டை 80 வெள்ளி என்பதால் கைக்காசு போகாமல் இருக்கவே ஐந்து பேர் வேண்டும். ஐந்து வாரம் என்றால் வாடகை 300, நான்கு பேர் போதும். ஒரே ஒரு வாரத்தில் ஒரு ஆள் வித்தியாசம். சின்ன வகுப்பில் ஒரு ஆள் என்பது பெரிய விஷயம். ஒன்பது பேரும் ஐந்து வாரத்தையும் முழுதாக எடுத்துக்கொண்டால் 720 வெள்ளி, வாடகை 300 போக 420. மேலே சொன்ன தொகை அதுதான். சிலர் நான்கே வாரத்தில் எட்டையும் முடித்துவிட்டு அடுத்த அட்டை வாங்குவார்கள், அப்போது கொஞ்சம் கூடும். 420 என்று வைத்துக்கொண்டால் ஏமாற்றம் இராது.

அட்டையில் ஒரு விதியை மட்டும் முதல் நாளே வாய்விட்டுச் சொல்லிவிடுவேன். நான் வராவிட்டாலோ மண்டபம் கிடைக்காவிட்டாலோ எல்லா அட்டைக்கும் ஒரு வாரம் கூடும். மண்டபம் கிடைக்காமல் போவது அடிக்கடி நடக்கும். சனிக்கிழமை கல்யாண விருந்து இருந்தால் காலையிலேயே பெரிய சட்டிகள் வந்து இறங்கிவிடும். தேர்தல் நாளில் வாக்குச் சாவடியாகும் மண்டபங்கள் உண்டு, வெள்ளம் வந்தால் நிவாரண மையமாகும் மண்டபங்கள் உண்டு. அப்போது நம் வகுப்பு ஒதுங்கத்தான் வேண்டும். சங்கத்துச் செயலாளரிடம் நான் கேட்டுக்கொண்டது ஒன்றுதான்: மூன்று நாளைக்கு முன் புலனத்தில் ஒரு வரி. அதோடு, நடக்காத நாளுக்கு வாடகை இல்லை என்பதையும் எழுத்தில் வாங்கிக்கொண்டேன். இது வாய்ப்பேச்சாக இருந்தால் செயலாளர் மாறும்போது பேச்சும் மாறிவிடும்.

"யோகாவுக்குக் காசா?" என்று கேட்பவர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். கோயில்களிலும் இயக்கங்களிலும் இலவசமாகச் சொல்லிக் கொடுக்கிறார்கள், நல்ல காரியம். யாராவது அப்படிக் கேட்டால் நான் வாதாடுவதில்லை, அந்த வகுப்பு நடக்கும் நாளையும் நேரத்தையும் சொல்லி அனுப்புவேன். சிலர் அங்கே போய்விட்டு இங்கே திரும்பி வருவார்கள். காரணம் கேட்டால், "அங்கே நாற்பது பேர் டீச்சர், என் முட்டி எனக்கு மட்டும்தான் தெரியும்" என்பார்கள். இந்தப் பேச்சில்தான் என் வகுப்பின் விலை இருக்கிறது. ஒன்பது பேர் என்ற எண்ணிக்கைக்கு வந்துவிட்டோம்.

எங்கள் மண்டபத்தில் பதினாறு பாய் விரிக்கலாம். பதினாறு பேரைச் சேர்த்தால் 1,280 வெள்ளி, வாடகை போக 980. இப்போது வருவதைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். வாடகை ஏறாது, நேரம் ஏறாது. ஒவ்வோர் அட்டை விற்கும்போதும் இந்த எண் என் காதில் ஊதிக்கொண்டே இருக்கிறது. இருந்தும் பத்துக்கு மேல் சேர்ப்பதில்லை. என் மண்டபத்தில் சுவர் பத்து பேருக்குத்தான் இருக்கிறது என்பது முதல் காரணம்.

விருட்சாசனத்தில் ஒரு காலைத் தூக்கி மற்ற காலில் நிற்க வேண்டும். ஐம்பதைத் தாண்டியவர்கள் முதல் இரண்டு மாதம் சுவர் ஓரத்தில் நின்றுதான் இதைச் செய்ய வேண்டும், விரல் நுனி சுவரைத் தொட்டுக்கொண்டு. ஜன்னல், கதவு, அடுக்கி வைத்த பிளாஸ்டிக் நாற்காலி, சங்கத்து அலமாரி எல்லாம் போக எங்கள் மண்டபத்தில் வெறும் சுவர் பத்து இடத்தில்தான் உண்டு. பதினோராவது ஆள் நடுவில் நிற்பார். தரை மொசைக். விழுந்தால் இடுப்பு. நாற்காலியைப் பிடித்துக்கொள்ளட்டும் என்றால், நம் மண்டபத்து நாற்காலி மொசைக் தரையில் வழுக்கிக்கொண்டு போகும். அதன் நான்கு காலையும் பாய் மேல் ஏற்றி, முதுகைச் சுவரில் சாய்த்து வைத்தால்தான் நம்பலாம். அதற்கும் சுவர் வேண்டும்.

பாய் பற்றி ஒன்று இங்கேயே சொல்லிவிடுகிறேன். முட்டி வலி உள்ளவர்கள் கடையில் இருப்பதிலேயே தடித்த பாயாக, பத்து மில்லிமீட்டரில், வாங்கி வந்துவிடுவார்கள். படுக்க நன்றாக இருக்கும். ஒற்றைக் காலில் நின்றால் மெத்தையில் நிற்பது போல ஆடும். ஆறு மில்லிமீட்டர் பாயும், முட்டிக்கு அடியில் மடித்து வைக்க ஒரு துண்டும் போதும்.

எண்ணிக்கைக்கு இரண்டாவது காரணம் என் கண். பத்து முகத்தை ஒரே பார்வையில் பார்க்க முடியும், பதினாறை முடியாது. பார்ப்பதில் என்ன இருக்கிறது என்பதற்கு ஒரு சனிக்கிழமை காலையைச் சொல்கிறேன்.

நம் நாட்டில் 2019-ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வு, பெரியவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு நீரிழிவு என்று சொன்னது. நம் இந்தியர்களிடையே அது இன்னும் அதிகம். ஆகவே ஒன்பது பேர் வகுப்பில் இரண்டு, மூன்று பேர் மாத்திரை சாப்பிடுபவர்களாக இருப்பார்கள் என்று எடுத்துக்கொண்டுதான் தொடங்க வேண்டும். சேரும்போது ஒரு பக்கத் தாளில் விவரம் கேட்பேன். "ஏதாவது நோய் இருக்கிறதா?" என்று அதில் இராது. அப்படிக் கேட்டால் பத்துக்கு எட்டுப் பேர் "ஒன்றும் இல்லை" என்று எழுதுவார்கள். பொய் சொல்ல வேண்டும் என்று இல்லை. பத்து வருடமாக இருக்கும் சர்க்கரையை நோய் என்றே அவர்கள் நினைப்பதில்லை. அதனால், "காலையில் எழுந்ததும் என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள்? இரவில் என்ன?" என்று கேட்டிருக்கிறேன். மாத்திரை அட்டையைக் கைப்பேசியில் படம் எடுத்து அனுப்பச் சொல்வேன். இப்படிக் கேட்டால் எல்லாம் வந்துவிடும். ஆபரேஷன், கண் அழுத்தம், எலும்புத் தேய்மானம் ஆகிய மூன்றையும் பெயர் சொல்லித் தனியாகக் கேட்பேன். கண் அழுத்தம் உள்ளவரைத் தலைகீழாகக் குனிய வைக்கக் கூடாது. எலும்பு தேய்ந்தவரை முதுகை வளைத்து முன்னால் மடக்கக் கூடாது.

அந்த அக்காளுக்கு ஐம்பத்தெட்டு வயது. கிளிக்லசைட் மாத்திரை சாப்பிடுகிறார் என்று என் தாளில் இருந்தது. சர்க்கரை மாத்திரை எல்லாம் ஒன்று இல்லை. மெட்பார்மின் மட்டும் சாப்பிடுபவருக்குச் சர்க்கரை மிகவும் இறங்கிவிடுவது அபூர்வம். கிளிக்லசைட் வகை மாத்திரையும் இன்சுலின் ஊசியும் அப்படி அல்ல. அதை எடுத்துக்கொண்டு சாப்பிடாமல் உடம்பை அசைத்தால் சர்க்கரை நான்குக்குக் கீழே இறங்கலாம். ஆனால் யோகா என்றாலே வெறும் வயிறு என்பது நம் ஆட்களுக்கு வேதவாக்கு. சாப்பிட்டுவிட்டு வாருங்கள் என்று நான் சொல்லியிருந்தும், ஏதோ வீடியோவில் வெறும் வயிறுதான் நல்லது என்று கேட்டுவிட்டு, மாத்திரையைப் போட்டுக்கொண்டு, பச்சைத் தண்ணீர் மட்டும் குடித்துவிட்டு வந்திருந்தார்.

ஏழரைக்குத் தொடங்கினோம். நாற்பது நிமிடம் இருக்கும். நின்று செய்யும் ஆசனம். "வலது கால் பின்னால்" என்றேன். எட்டுப் பேர் வலது காலை வைத்தார்கள், அவர் இடது காலை வைத்தார். அது யாருக்கும் நடப்பதுதான். "அக்கா, வலது" என்றேன். என்னைப் பார்த்தார், ஆனால் கால் மாறவில்லை. விசிறி தலைக்கு மேலேயே ஓடிக்கொண்டிருந்தது, நெற்றியில் முத்து முத்தாக வியர்வை. மற்ற யாருக்கும் அப்படி வியர்க்கவில்லை. கையைத் தொட்டால் சில்லென்று இருந்தது.

உட்கார வைத்தேன். என் பையில் கோப்பிக் கடைச் சீனிப் பொட்டலம் எப்போதும் கிடக்கும். மூன்று தேக்கரண்டி சீனி, அரைக் குவளைத் தண்ணீரில் கலக்கிக் கொடுத்தேன். தாதித் தங்கை அன்று வந்திருந்தது என் அதிர்ஷ்டம். பக்கத்தில் உட்கார்ந்து நேரம் பார்த்தாள். பதினைந்து நிமிடம் காத்திருக்க வேண்டும். தெளியாவிட்டால் இன்னொரு முறை அதே அளவு. ஒருத்தி மைலோ கலக்கட்டுமா என்று ஓடினாள். பால் சேர்த்த மைலோ மெதுவாகத்தான் ஏறும், அந்த நேரத்திற்குச் சீனித் தண்ணீர் அல்லது சிராப் தண்ணீர்தான் சரி. பத்து நிமிடத்திலேயே அக்காள், "ஏன் எல்லாரும் என்னையே பார்க்கிறீர்கள்?" என்றார். அப்புறம் ரொட்டி சாப்பிட வைத்தோம். மகன் வந்து காரில் கூட்டிப் போனான். ஆள் மயங்கிக் கிடந்தால் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, ஒருக்களித்துப் படுக்க வைத்து 999-க்கு அழைக்க வேண்டும் என்று அன்று வகுப்பிலேயே எல்லோருக்கும் சொன்னேன்.

திங்கட்கிழமை அவர் கிளினிக்குப் போனார். வகுப்பு நாள்களில் மாத்திரையையும் சாப்பாட்டையும் எப்படி வைத்துக்கொள்வது என்று டாக்டர் சொல்லி அனுப்பினார். மாத்திரை விஷயத்தில் நான் வாய் திறப்பதில்லை, நீங்களும் திறக்காதீர்கள். நான் செய்தது என் பக்கத்து மாற்றம். அந்த வகை மாத்திரை சாப்பிடுபவர்கள் ஒரு மணி நேரத்திற்கு முன் இரண்டு இட்லியோ இரண்டு துண்டு ரொட்டியோ சாப்பிட்டிருந்தால்தான் பாய் விரிக்கலாம். சாப்பிட்ட வயிற்றோடு குப்புறப் படுக்கும் புஜங்காசனமும் ஆழமாக முறுக்கும் ஆசனங்களும் சனிக்கிழமை காலையில் இல்லை, அவற்றைச் செவ்வாய்க்கிழமைக்கு மாற்றிவிட்டேன். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே "சாப்பிட்டாச்சா?" என்று கேட்பேன். வெளியாள் கேட்டால் உபசாரம் என்று நினைத்துக்கொள்வார்.

பதினாறு பேர் இருந்திருந்தால் அந்தத் தவறான இடது காலை நான் பார்த்திருப்பேனா என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது. வித்தியாசம் அவ்வளவு சிறியது. ஆள் விழுந்த பிறகு யார் வேண்டுமானாலும் பார்க்கலாம்.

இரத்த அழுத்த மாத்திரைக்காரர்களுக்கும் இதே கண் வேண்டும். இவர்களுக்கு ஆபத்து கடைசியில், சவாசனம் முடிந்து எழும்போது. பத்து நிமிடம் படுத்திருந்துவிட்டு, "ஐயோ, அடுப்பில் சோறு" என்று திடுமென எழுந்தால் கண் இருட்டும். வலப்பக்கம் ஒருக்களித்து அரை நிமிடம், கையை ஊன்றி உட்கார்ந்து ஒரு நிமிடம், பிறகு முட்டி போட்டு, நாற்காலியைப் பிடித்து ஒரு காலை முன்னால் வைத்து எழ வேண்டும். ஒன்பது பேரும் நிற்கும்வரை நான் விளக்கைப் போட்டுவிட்டு அப்படியே நிற்பேன்.

இன்னொன்று, நம் தாமான்களில் கட்டாயம் வரும் கேள்வி. மலாய்க்கார அண்டை வீட்டார் சிலர் எட்டிப் பார்த்துவிட்டு, தாங்கள் சேரலாமா என்று கேட்பார்கள். 2008-இல் தேசிய ஃபத்வா மன்றம், மந்திரமும் வழிபாட்டு அம்சமும் கலந்த யோகா முஸ்லிம்களுக்கு ஆகாது என்று அறிவித்தது. நம்மை விட அவர்களுக்கு அது நன்றாகத் தெரியும். வகுப்பில் என்ன செய்கிறோம், என்ன செய்வதில்லை என்று ஒளிக்காமல் சொல்லிவிடுவேன். முடிவு அவர்களுடையது. ஆள் சேர்க்கவேண்டும் என்பதற்காகப் பெயரை மாற்றி வைப்பதும், இல்லாததைச் சொல்வதும் மண்டபத்திற்கே தொல்லையாக முடியும்.

பத்தாவது இடம் நிறைந்த பிறகு கேட்டு வருபவர்களின் பெயரை ஒரு நோட்டில் எழுதி வைக்கிறேன். இரண்டாவது குழு தொடங்க ஆசைதான். ஆனால் அதுவும் தன் வாடகையைத் தானே கட்ட வேண்டும். ஐந்து பேர் என்றால் 400 வந்து 300 போய் 100 நிற்கும், அந்த 25 மணி நேர உழைப்புக்கு. ஆறு பேர் அட்டைக் காசைக் கட்டிவிட்டார்கள் என்றால் 180. பெயர் கொடுத்தவர்களை எண்ணாமல் காசு கட்டியவர்களை மட்டும் எண்ணுங்கள். என் நோட்டில் பதினோரு பெயர் இருக்கிறது, கட்டியவர்கள் நான்கு பேர். இன்னும் தொடங்கவில்லை.

கிள்ளான் தங்கைக்குக் கடைசியாக, தொடங்குமுன் செய்ய வேண்டியவை. வியாபாரப் பதிவைத் தொடங்கிய 30 நாளுக்குள் செய்துவிடுங்கள். சொந்தப் பெயரில் என்றால் ஆண்டுக்கு 30 வெள்ளி, வகுப்புக்குத் தனிப் பெயர் வைத்தால் 60. அட்டைக் காசு வந்து விழத் தனி வங்கிக் கணக்கு ஒன்று வையுங்கள், வீட்டுச் செலவோடு கலந்தால் மூன்றாம் மாதம் எது எதுவென்று தெரியாது. மண்டபத்துக்கு முன்பணம் கட்டுவதற்கு முன்னால், நீங்கள் வகுப்பு நடத்தப்போகும் அதே நாளில், அதே நேரத்தில் ஒருமுறை போய் அரை மணி நேரம் உட்கார்ந்து பாருங்கள். பக்கத்தில் பாசார் மாலாம் போடும் நாளா, மேல் மாடியில் சிலம்பமோ காராத்தேயோ நடக்கிறதா, கழிவறையில் தண்ணீர் வருகிறதா, தரை ஈரம் பிடிக்கிறதா என்பதெல்லாம் பகல் பதினோரு மணிக்குச் சாவி வாங்கிப் பார்த்தால் தெரியாது. போகும்போது வெறும் சுவர் எத்தனை பேருக்கு இருக்கிறது என்று எண்ணிக்கொண்டு வாருங்கள். அட்டையை எத்தனை அச்சடிக்கலாம் என்று அப்புறம் பேசலாம்.